நாலு வாரம் பத்தல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். புதுப்படம் சீக்கிரமே ஓடிடிக்கு போறதப் பத்தி உங்க பேப்பர்ல வந்த செய்திய படிச்சேன். கூட்டம் இல்லாததாலனு மட்டும் நெனைச்சிட வேணாம், பெரிய படத்துக்கு ரிலீசுக்கு முன்னாடியே ஓடிடி உரிமைய வித்து அந்தப் பணத்த பட்ஜெட்டுல சேத்துடறாங்க, தியேட்டர்ல வந்ததுக்கும் ஓடிடில வர்றதுக்கும் நடுவுல இடைவெளி கூடினா கெடைக்கிற விலை கொறையும், அதான் பேரம். 2023-ல லியோவுக்கு நாலு வாரம்னு முடிவாச்சு, இந்திப் படத்துக்கு எட்டு வாரம் கேக்குற வடக்கத்திய பெரிய மல்டிபிளெக்ஸ்காரங்க அதோட இந்திப் பதிப்ப போடவே இல்ல.

சுங்கை சிப்புட் பக்கம் எங்க தோட்டத்துல இருந்து நாங்க ஈப்போ போய்த்தான் படம் பாக்குறோம், சம்பளம் போட்ட பெறகு குடும்பத்தோட கெளம்புறதுக்குள்ள ஒரே ஒரு ராத்திரி ஷோதான் மிச்சம் இருக்கு. தயாரிப்பாளருங்க ஆறு வாரமாச்சும் பேசி வாங்கி, ஓடிடி தேதிய போஸ்டர்லயே போடணும்.

- ஒரு வாசகர், சுங்கை சிப்புட்