லாபம் கூடும் என்ற ஒற்றை வரி: சுயேச்சை இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சுயேச்சை இயக்குநர்களுக்கு,

வணக்கம். நெளி அட்டைப்பெட்டி செய்யும் நமது நிறுவனம், மருந்துக்கும் சோப்புக்கும் அச்சிட்ட சிறு பெட்டிகள் செய்யும் ஒரு நிறுவனத்தை வாங்க உங்கள் ஒப்புதலைக் கேட்டிருக்கிறது. பங்குதாரர்களுக்கு வந்த அறிக்கை, ‘மூன்றாம் ஆண்டிலிருந்து இபிஎஸ் கூடும்’ என்கிறது. இபிஎஸ் என்பது ஒரு பங்குக்கு விழும் லாபம். அந்த வரி எப்படிப் பிறந்தது என்பதைப் பற்றியே இந்த மடல். எண்களைக் கணக்குக்கு வசதியாக முழுமையாக்கியிருக்கிறேன்.

நமது லாபம் 100 கோடி ரூபாய், பங்குகள் 10 கோடி. எனவே இபிஎஸ் 10 ரூபாய். சந்தையில் ஒரு பங்கின் விலை 200 ரூபாய். வாங்கப்படும் நிறுவனத்தின் லாபம் 40 கோடி, சந்தை மதிப்பு 800 கோடி. நாம் கொடுக்க இருப்பது 1,000 கோடி. ரொக்கமாக அல்ல, 5 கோடி புதிய பங்குகளாக. சேர்ந்த லாபம் 140 கோடியை 15 கோடிப் பங்குகளால் வகுத்தால் 9.33 ரூபாய். அதாவது இபிஎஸ் குறைகிறது. நாம் லாபத்தைப் போல் 20 மடங்கில் விலைபோகிறோம். அவர்களை 25 மடங்கில் வாங்குகிறோம். வேறு விடை வர வழியில்லை.

இங்கேதான் செலவுச் சேமிப்பு உள்ளே வருகிறது. ஆண்டுக்கு 20 கோடி மிச்சமாகும் என்கிறார்கள். வரி போக 15 கோடி. லாபம் 155 கோடியாகிறது, இபிஎஸ் 10.33 ஆகிவிடுகிறது. ஆக, கூடுகிறதா குறைகிறதா என்பதை இந்த ஒரு எண்ணே முடிவு செய்கிறது. வரிக்கு முன் 13.3 கோடிக்குக் கீழே சேமிப்பு போனால் கணக்கு மீண்டும் கவிழும்.

அறிக்கையின் அடிக்குறிப்பையும் பாருங்கள். வாங்கியதால் கணக்கில் ஏறும் வாடிக்கையாளர் உறவுகளின் மதிப்பு 100 கோடி. அதை 10 ஆண்டுகளில் எழுதித் தள்ள வேண்டும். அந்தச் செலவை விலக்கிவிட்டுத்தான் 10.33 சொல்லியிருக்கிறார்கள். ஆண்டுக்கு 10 கோடி, வரி போக 7.5 கோடி. அதைச் சேர்த்தால், சொன்ன சேமிப்பு முழுதும் வந்தாலும் 9.83தான். இது ரொக்கமாக வெளியே போகும் பணம் இல்லை என்பது உண்மை. ஆனால் தலைப்பில் போடும் எண்ணுக்கு மட்டும் விலக்குக் கேட்பது என்ன நியாயம்?

இப்போது அந்த 20 கோடியைப் பிரிப்போம். 8 கோடி காகிதக் கொள்முதலில் வருமாம். நாம் வாங்குவது பழுப்பு நிறச் சுருள் காகிதம். அவர்கள் வாங்குவது அச்சுக்கேற்ற வெள்ளை அட்டை. சரக்கும் வேறு, பெரும்பாலும் ஆலையும் வேறு. எந்த ஆலையிடம் எதற்காகத் தள்ளுபடி கேட்கப்போகிறோம்? அப்படியே கொஞ்சம் கிடைத்தாலும், காகித விலையைப் பெட்டி விலையோடு பிணைத்து ஒப்பந்தம் போட்டிருக்கும் பெரிய வாடிக்கையாளர் அதில் பங்கு கேட்காமல் விடமாட்டார். 7 கோடி ஆட்குறைப்பில் வருமாம். யார் யார் என்ற பட்டியல் இல்லை. விற்பனையாளர் ஒருவர் வெளியேறும்போது கூடவே போகும் ஆர்டருக்கு அந்தத் தாளில் வரியே கிடையாது. மிச்சம் 5 கோடி, இரண்டு கிடங்குகளையும் ஓர் அலுவலகத்தையும் மூடுவதில். இதை மட்டும் நம்புகிறேன். வாடகைச் சீட்டு இருக்கிறது.

சேமிப்பு சொன்னபடி வந்தும் கை சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. அமெரிக்க உணவு நிறுவனங்களான கிராஃப்ட்டும் ஹைன்ஸும் 2015இல் இணைந்தபோது ஆண்டுக்கு 150 கோடி டாலர் மிச்சமாகும் என்றார்கள். செலவை வெட்டுவதில் அவர்கள் சோடை போகவில்லை. ஆனாலும் 2019 பிப்ரவரியில் பிராண்டுகள், குட்வில் மதிப்பில் 1,540 கோடி டாலரைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. கிராஃப்ட்டுக்கு அதிக விலை கொடுத்துவிட்டதாக, அந்த இணைப்பில் பெரும் முதலீடு செய்திருந்த வாரன் பஃபெட்டே சொன்னார். செலவைக் குறைத்தது விற்பனை தேய்வதைத் தடுக்கவில்லை.

விலைக்கே வருகிறேன். 15 கோடி என்றென்றும் வரும் என்றே வைத்துக்கொள்வோம். 12 சதவீதத்தில் அதன் இன்றைய மதிப்பு 125 கோடி. ஒருங்கிணைப்புக்கான ஒருமுறைச் செலவு வரி போக 22.5 கோடியைக் கழித்தால் ஏறத்தாழ 102 கோடி. நமது 2,000 கோடி, அவர்களது 800 கோடி, இந்த 102 கோடி, மொத்தம் 2,902. அதில் நமக்கு மூன்றில் இரண்டு பங்கு: 1,935 கோடி. இபிஎஸ் 10லிருந்து 10.33 ஆகிறது, 200 ரூபாய்ப் பங்கோ 193.50 ஆகிறது. இதே அறிக்கைதான், இதே அனுமானம்தான். இபிஎஸ் சோதனை, கொடுத்த விலை சரியா என்று கேட்பதே இல்லை.

எனவே வாக்கெடுப்புக்கு முன் மூன்று விவரங்களைக் கேட்டு வாங்குங்கள். சேமிப்பே இல்லாமலும் பாதிச் சேமிப்போடும் போட்ட இபிஎஸ் கணக்கு. ஒவ்வொரு சேமிப்பு வரிக்கும் பொறுப்பேற்கும் அதிகாரியின் பதவி, காலக்கெடு. இழக்க நேரும் விற்பனைக்கான மதிப்பீடு. பங்கு ஒதுக்கீட்டுக்குப் பங்குதாரர் வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு வேண்டும். இவை கிடைக்காவிட்டால் என் வாக்கு எதிர்ப்புப் பக்கம்தான் விழும். அவர்களது 2 பங்குக்கு நமது 5 என்ற மாற்று விகிதத்தை 2க்கு 4 ஆக்கச் சம்மதித்தால், காகிதக் கொள்முதல் கதையை நான் கிளறப் போவதில்லை.

இப்படிக்கு,
ஒரு சிறு பங்குதாரர்