நெட்வொர்க் பிரிவினருக்கு: செய்தித் தளமும் ஜெர்மனி சுற்றி வர வேண்டுமா?

நம் நெட்வொர்க் பிரிவு நண்பர்களுக்கு,

வணக்கம். நான் திருநெல்வேலியில் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். நம் விபிஎன் சர்வர் இருப்பது ஃபிராங்க்ஃபர்ட் அலுவலகத்தில். காலையில் விபிஎன் போட்டதும் ப்ரவுசர் தவழ ஆரம்பித்துவிடுகிறது.

போன வாரம் சோதித்துப் பார்த்தேன். சென்னையில் சர்வர் உள்ள ஒரு செய்தித் தளத்துக்கு விபிஎன் இல்லாமல் பிங் 18 மில்லிசெகண்ட். விபிஎன் போட்டால் 310. `tracert` கொடுத்தால் முதல் வரியிலேயே 10.8.0.1, அதாவது நம் விபிஎன் சர்வர், வந்து நிற்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டும் ஜெர்மனி போய்ச் சென்னைக்குத் திரும்புகிறது. பதிலும் அதே சுற்றுதான். ஒரு பக்கம் திறப்பதற்குள் பலமுறை இப்படிப் போய்வர வேண்டியிருப்பதால், வீட்டில் 100 எம்பிபிஎஸ் லைன் இருந்தும் பயனில்லை.

இதற்குக் காரணம் ஓபன்விபிஎன் சர்வரில் உள்ள `push "redirect-gateway def1"` என்ற வரி. அதை எடுத்துவிட்டு, அலுவலக நெட்வொர்க்குக்கு மட்டும் வழி சொன்னால் போதும். உதாரணமாக:

```
push "route 10.20.0.0 255.255.0.0"
```

இதுதான் ஸ்பிளிட் டனலிங். 10.20-இல் தொடங்கும் முகவரிகள் மட்டும் விபிஎன்னுக்குள் போகும். மற்றவை வீட்டு லைனில் நேராகப் போகும்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள், டிஎன்எஸ்ஸையும் பிரிக்க வேண்டும். எல்லாப் பெயரையும் ஃபிராங்க்ஃபர்ட் டிஎன்எஸ்ஸிடமே கேட்டால், பல ஊர்களில் சர்வர் வைத்திருக்கும் பெரிய தளங்கள் நம்மை ஜெர்மனியில் இருப்பவர்களாக நினைத்து அங்குள்ள சர்வரின் முகவரியைத் தரக்கூடும். வழியை மாற்றியும் வேகம் வராமல், “ஸ்பிளிட் போட்டும் பயனில்லை” என்று நீங்களே முடிவு கட்டிவிடுவீர்கள். நிறுவனத்தின் உள் பெயர்களை மட்டும் அலுவலக டிஎன்எஸ்ஸிடம் கேட்க வைக்க, விண்டோஸில் என்ஆர்பிடி விதி இருக்கிறது.

அலுவலக ஐபியிலிருந்து வந்தால் மட்டுமே அனுமதிக்கும் வெளிச் சேவைகள் சில உண்டு. நம் கணக்குப் பிரிவு பயன்படுத்தும் தளம் அப்படித்தான். அதன் முகவரிக்கும் ஒரு `route` வரி சேர்க்காவிட்டால், மாற்றிய அன்றே அவர்களிடமிருந்து புகார் வரும்.

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. எல்லாம் அலுவலகம் வழியாகப் போனால்தான் ஃபயர்வால் பார்க்கும், கெட்ட தளங்களைத் தடுக்கும். பிரித்துவிட்டால் அந்தக் காவலை லேப்டாப்பிலேயே வைக்க வேண்டும். அது உண்மையான செலவு, நான் மறுக்கவில்லை. அதை முழுதாக ஏற்க முடியாது என்றால், வீடியோ மீட்டிங்கை மட்டுமாவது வெளியே விடுங்கள். மைக்ரோசாஃப்ட்டே டீம்ஸ் அழைப்புகளை விபிஎன்னுக்கு வெளியே விடச் சொல்லி, அதற்கான ஐபி பட்டியலையும் வெளியிட்டிருக்கிறது.

முதலில் எங்கள் குழுவில் ஐந்து பேருக்கு இரண்டு வாரம் போட்டுப் பாருங்கள். தினமும் பிங், `tracert` எடுத்து அனுப்பும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
திருநெல்வேலியிலிருந்து உங்கள் சக ஊழியன்