டிரையரில் போட்ட ஸ்கிரீனும் வெளுத்த சோபா உறையும்: ஒரு புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். பொங்கலுக்கு முன்னால் எங்கள் தண்டையார்பேட்டை வீட்டிலிருந்து ஹால் ஸ்கிரீன், பெட்ரூம் ஸ்கிரீன், சோபா உறைகள் எல்லாவற்றையும் உங்கள் ஆட்கள் கழற்றிக்கொண்டு போனார்கள். கழற்றி, துவைத்து, இஸ்திரி போட்டு, திரும்ப மாட்டித் தருவது வரை சேர்த்துத்தான் காசு கட்டியிருக்கிறேன். இப்போது ஹால் ஸ்கிரீனும் சோபா உறையும் வந்துவிட்டன, பெட்ரூம் செட் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. அதனால் இந்தக் கடிதத்தைக் கோப்பில் போட்டு வைக்காமல் துவைக்கிற இடத்தில் இருப்பவர்களுக்கும் காட்டுங்கள்.

முதலில் ஹால் ஸ்கிரீன். முன்பக்கம் காட்டன், பின்பக்கம் பாலியெஸ்டர் லைனிங். மாட்டியிருந்தபோது நீளம் 84 இன்ச், லைனிங் 83 இன்ச். லைனிங் வெளியே தெரியக் கூடாது என்பதற்காக எப்போதும் ஒரு இன்ச் குறைத்துத்தான் தைப்போம். திரும்பி வந்ததை டேப் வைத்து அளந்தால் காட்டன் 81, லைனிங் அதே 83. அதாவது முன்துணி மூன்று இன்ச் ஏறிவிட்டது, லைனிங் அடியில் இரண்டு இன்ச் பாவாடை மாதிரி எட்டிப் பார்க்கிறது. இரண்டு துணியும் ஓரத்தில் சேர்த்துத் தைத்தவை என்பதால் பக்கத் தையல் முழுக்கச் சுருக்கம் சுருக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கிறது, அது எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் போகாது.

போன் செய்தபோது உங்கள் பக்கத்தில் பேசியவர், "காட்டன்னா சுருங்கத்தான் செய்யும் மேடம், அதுக்கு நாங்க பொறுப்பு இல்ல" என்றார். வேறு யாரிடமாவது இதைச் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்கும். நான் வீட்டிலேயே ஸ்கிரீனும் சோபா உறையும் தைத்துக் கொடுக்கிறவள், இந்த ஸ்கிரீனைத் தைத்ததும் நான்தான். எம்.சி. ரோட்டில் துணி எடுத்து வந்ததும் வெட்டுவதற்கு முன் பச்சைத் தண்ணீரில் ஒரு ராத்திரி முழுக்க ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, அதற்கப்புறம்தான் கத்தரி வைத்தேன். தறியில் பாவு நூலை இழுத்துக் கட்டி நெய்வதால் துணி அந்த இழுப்போடுதான் கடைக்கு வருகிறது. முதல் தண்ணீர் பட்டதும் நூல் தளர்ந்து நீளவாக்கில் குறுகும். ஊறப்போடுவதே அதை முன்கூட்டியே வாங்கிவிடத்தான். அப்படிச் செய்த துணி சாதாரணத் தண்ணீரில் துவைத்து நிழலில் போட்டால் இன்னொரு மூன்று இன்ச் ஏறாது. வெந்நீரில் போட்டு, டிரையரின் சூட்டில் உருட்டிப் புரட்டினால்தான் மிச்சமிருக்கும் சுருக்கமும் வெளியே வரும்.

வாய்ப்பேச்சாக விட வேண்டாமே என்று சோதித்தும் பார்த்தேன். அதே தானில் மிச்சம் பிடித்த, ஏற்கெனவே ஊறிய துணி என்னிடம் இருந்தது. அதில் இரண்டு துண்டு எடுத்து ஒவ்வொன்றிலும் 20 இன்ச்சுக்கு 20 இன்ச் கட்டம் நூலால் குறித்தேன். ஒன்றைப் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் போட்டேன், 20 இன்ச் அப்படியே நின்றது. இன்னொன்றை மெஷினில் 60 டிகிரியில் ஓட்டி, தெரிந்தவர் வீட்டு டிரையரில் காயும்வரை சுற்ற விட்டேன். பாவு ஓடும் நீளவாக்கில் 19¼ இன்ச், குறுக்கே ஊடை நூல் ஓடும் வாக்கில் 19¾ இன்ச். இந்தக் கணக்கை 84 இன்ச்சுக்குப் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட 81தான் வரும். இரண்டு துண்டையும் எடுத்து வைத்திருக்கிறேன், யார் வந்தாலும் காட்டுகிறேன். "டிரையர் வேண்டாம், பச்சைத் தண்ணீர் மட்டும்" என்று ஆர்டர் போடும்போதே குறிப்பு எழுதியிருக்கிறேன், அது உங்கள் ஆப்பிலேயே இருக்கிறது.

அடுத்தது சோபா உறை. உட்காரும் பக்கம் மூன்று, சாயும் பக்கம் மூன்று, ஆறும் ஒரே தானில் வெட்டிய மெரூன் காட்டன். போகும்போது ஆறும் ஒரே நிறம். இப்போது உட்காரும் பக்க உறைகள் மூன்றும் செங்கல் நிறத்துக்கு வெளுத்திருக்கின்றன, சாயும் பக்கம் மட்டும் பழைய மெரூனில் இருக்கிறது. அழுக்கு அதிகமாகத் தெரிந்த மூன்றையும் தனியாகப் பிரித்து ஏதோ கறைநீக்கி போட்டிருக்கிறீர்கள் என்பது பார்த்ததுமே தெரிகிறது.

இதற்கு வந்த பதில், ஜன்னல் வெயில் பட்டு ஏற்கெனவே வெளுத்திருக்கும் என்பது. வெயிலில் வெளுத்தால் வெளிப்பக்கம்தான் வெளுக்கும். உறையை உள்பக்கம் திருப்பி, தையலுக்கு உள்ளே மடங்கியிருக்கும் அரை இன்ச் துணியைப் பிரித்துப் பாருங்கள். அங்கே வெயில் போகவே வழியில்லை, ஆனால் அதுவும் வெளியே இருக்கிற அளவுக்கே வெளுத்திருக்கிறது. அதே இடத்தில் ஜிப்பின் பட்டையும் தையல் நூலும் மட்டும் பழைய மெரூனில் அப்படியே தெரிகின்றன, ஏனென்றால் அவை பாலியெஸ்டர். பருத்தியில் ஏறிய சாயத்தைக் குளோரின் பிளீச் தின்றுவிடும், பாலியெஸ்டரில் இருக்கும் சாயத்தை அவ்வளவு எளிதில் தொடாது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

ஒரு செட்டில் ஒரு உறை அழுக்காக இருந்தாலும் மொத்த செட்டையும் ஒரே தண்ணீரில்தான் துவைக்க வேண்டும். அப்போது கொஞ்சம் நிறம் இறங்கினாலும் எல்லாம் சேர்ந்து ஒரே மாதிரி இறங்கும், உட்கார்ந்து பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. தொழிலில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதா இது.

மாட்டிய லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. வந்த தம்பியைக் குறை சொல்லவில்லை, பாவம், ஒரே ஆளாக ஏணியும் இல்லாமல் நாற்காலி மேல் ஏறி மாட்டினார். ஐலெட் ரிங்கில் ஒன்றை விட்டுவிட்டுக் கோத்ததால் ஒரு பக்க ஓரம் சுவரைப் பார்க்காமல் ஹாலைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. லைனிங் மேல் இஸ்திரிப்பெட்டியின் மூக்கு அச்சு பளபளவென்று பதிந்திருக்கிறது. காட்டனுக்கு வைத்த சூட்டிலேயே பாலியெஸ்டரையும் தேய்த்தால் அப்படித்தான் ஆகும்.

இப்போது பெட்ரூம் செட். அதுவும் இதே மாதிரி காட்டனும் லைனிங்கும். இதற்கு மேல் அதைக் கெடுக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன், இதை ஆர்டர் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

துவைப்பதற்கு முன் தூசியை உதறுங்கள் அல்லது வேக்குவம் போடுங்கள். எங்கள் தெருவில் கன்டெய்னர் லாரி ஓடுவதால் ஸ்கிரீனில் படிவது கறுப்புத் தூசி, அதை உதறாமல் நனைத்தால் சேறாகி நூலுக்குள் இறங்கிவிடும். பச்சைத் தண்ணீர், திரவ சோப்பு, மெதுவான சுற்று, அவ்வளவு போதும். உங்கள் துவைக்கும் இடத்தில் போர் தண்ணீர் என்றால் பவுடர் வேண்டவே வேண்டாம். உப்புத் தண்ணீரில் பவுடர் சரியாகக் கரையாமல் வெள்ளைத் திட்டாக ஒட்டிக்கொள்ளும், அடர்ந்த நிறத்தில் அது சாயம் போன மாதிரியே தெரியும். கடைசி அலசலை ஒரு தடவை கூடுதலாகவே செய்யுங்கள்.

டிரையர் கூடவே கூடாது. அதிகம் பிழியாமல், நீளவாக்கில், நிழலில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கொடி கட்டி அதன் மேல் போடுங்கள். ஒரே கொடியில் மடித்துப் போட்டால் நடுவில் கோடு விழுந்துவிடும். முழுக்கக் காய்வதற்கு முன், தொட்டால் குளிர்ச்சி தெரிகிற பதத்தில் இஸ்திரி போட வேண்டும். முதலில் லைனிங்கைக் குறைந்த சூட்டில், அப்புறம் திருப்பிக் காட்டனைச் சூடு கூட்டி. பெட்டியைக் குறுக்காக இழுக்காமல் பாவு ஓடும் திசையில், மேலிருந்து கீழே கொண்டுபோங்கள். ஐலெட் ரிங் பிளாஸ்டிக், அதன் மேல் பெட்டி ஏறினால் உருகும், சுற்றி மட்டும் பெட்டியின் நுனியால் தேய்த்தால் போதும். இஸ்திரி முடிந்ததும் மடித்துப் பையில் போட்டு இரண்டு நாள் வைக்காமல் அன்றைக்கே மாட்டிவிடுங்கள். மிச்ச ஈரத்தில் துணி தன் எடையிலேயே கொஞ்சம் இறங்கி நீளத்துக்கு வரும். மாட்டிய பிறகு மடிப்புகளை விரலால் எடுத்துவிட்டு, துணிப்பட்டையால் தளர்வாகக் கட்டி ஒரு ராத்திரி விட்டால் அலை அலையாக நிற்கும்.

சரி, கெட்டுப்போனதற்கு என்ன வழி? ஹால் ஸ்கிரீனைக் காப்பாற்றலாம். அடிமடிப்பை 4 இன்ச்சுக்கு இரட்டையாக மடித்துத் தைத்திருக்கிறேன், அதைப் பிரித்து ஒற்றை மடிப்பாக்கினால் போன மூன்று இன்ச்சும் திரும்பிவிடும். ஆனால் பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு தெரியும், உள்ளே இருந்த துணியின் நிறமும் கொஞ்சம் அடர்ந்து தெரியும், அதை மறைக்க ஒரு பட்டை வைத்துத் தைக்க வேண்டும். பக்கத் தையல் முழுவதையும் பிரித்து லைனிங்கை மறுபடி பொருத்த வேண்டும், அச்சு விழுந்த லைனிங்கை மாற்ற வேண்டும். சோபா உறைக்கு அந்த வழியும் இல்லை. அந்தத் துணி கடையில் தீர்ந்துவிட்டது, வேறு தானில் எடுத்தால் நிறம் ஒத்துப்போகாது. மூன்று உறைதான் கெட்டது என்றாலும் ஆறையும் புதிதாகத் தைத்தால்தான் சோபா சோபாவாக இருக்கும்.

ஆகவே நான் கேட்பது ஆறு உறைக்கான துணியின் விலை, தையல் கூலி, ஸ்கிரீனைப் பிரித்துத் தைக்கும் கூலி, லைனிங்கின் விலை, அப்புறம் ஹால் செட்டுக்கு வாங்கிய சலவைக் கட்டணம். விலைப் பட்டியலையும் அளவு எடுத்த போட்டோக்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில், சேதத்துக்குச் சலவைக் கட்டணத்தில் ஐந்து மடங்குக்கு மேல் தர மாட்டோம் என்று போட்டிருப்பதைப் படித்தேன். டிரையர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பிறகும் டிரையரில் போட்டதற்கு அந்த வரி எப்படிப் பொருந்தும் என்று எனக்குப் புரியவில்லை.

ஒரு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். இந்த மாதிரி சின்னத் தொகைக்கு அங்கே புகார்க் கட்டணமும் கிடையாது.

பெட்ரூம் செட்டை இன்னும் நனைக்கவில்லை என்றால், மேலே எழுதியபடி செய்ய முடியுமா முடியாதா என்று முதலில் போனில் சொல்லுங்கள். முடியாது என்றால் துவைக்காமல் அப்படியே அனுப்பிவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை வாடிக்கையாளர்