அப்பாவுக்காகத் தம்பி வாசித்த நான்கு பக்கங்கள்: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அப்பாவின் இறுதிச் சடங்கில் தம்பி வாசித்த உரையை நிறைய பேர் பிரதி கேட்டீர்கள். அது ஒரே இரவில் உருவானது, ஆனால் ஒருவர் எழுதியதல்ல. யார் எதைச் செய்தார்கள் என்று சொல்வதுதான் முறை.

முதலில் சின்ன அத்தைக்கு. முதல் வரைவு பதினான்கு நிமிடம் ஓடியது. பாதிக்கு மேல் 'பொறுப்பானவர்', 'பாசமானவர்', 'நேர்மையானவர்'. அத்தை பென்சிலை எடுத்து அந்தச் சொற்களை எல்லாம் வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'எப்போ? என்ன பண்ணான்?' என்று எழுதினார். பதில் கிடைக்காத சொற்கள் போயின. 'பொறுப்பானவர்' இருந்த இடத்தில் பூட்டு வந்தது: கதவைப் பூட்டி மூன்று முறை இழுத்துப் பார்ப்பார், தெருமுனை வரை போவார், நான்காவது முறை இழுக்கத் திரும்பி வருவார். சாவி மட்டும் கதவிலேயே தொங்கும்.

அந்தப் பூட்டை எங்கே வைப்பது என்று சொன்ன பெரியப்பாவுக்கு அடுத்த நன்றி. தம்பி அதை முதல் வரியாக வைத்திருந்தான். வந்தவர்கள் அப்போதுதான் உட்காருவார்கள், சிரிக்கலாமா கூடாதா என்றே தெரியாது, நகைச்சுவை வீணாகும் என்றார் பெரியப்பா. யார் பேசுகிறோம், அப்பா யார் என்று ஒரு நிமிடம் நிதானமாகச் சொன்ன பிறகு வைத்தோம். சிரிப்பு வந்தால் அடுத்த வரிக்கு ஓடாமல் மனசுக்குள் மூன்று எண்ணச் சொன்னதும் அவர்தான். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் அவரும் சிரிப்பாரா என்பதே அவர் வைத்த சோதனை. அதில் இரண்டு துணுக்குகள் தோற்றன. ஒன்றில் உண்மையில் மாட்டிக்கொண்டது அம்மா. இன்னொன்று புரிய நான்கு பேருக்கு மட்டுமே வாய்ப்பிருந்தது. கடைசி வரியில் சொர்க்கத்தின் கதவையும் இழுத்துப் பார்ப்பார் என்று ஒன்று இருந்தது. அதை அக்கா இரக்கமில்லாமல் அடித்தாள். நல்ல வேலை செய்தாள். ஒரு முறை சிரித்த விஷயத்தை மறுபடி கிண்டினால் முதல் சிரிப்பும் கெட்டுப்போகும்.

அப்பாவின் கோபத்தைப் பற்றிய பத்திதான் கடினமாக இருந்தது. அதை விட்டுவிட்டால், அவரை அறிந்தவர்கள் மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்கள். முழுக்கச் சொன்னால் மேடையில் கணக்குத் தீர்ப்பதாகிவிடும். தம்பியின் வரைவில் 'அவருடைய கோபம் எங்களைக் காயப்படுத்தியது' என்று இருந்தது. அது தீர்ப்பு. அம்மா படித்துவிட்டு, நடந்ததை மட்டும் சொல்லச் சொன்னார். அது இப்படி மாறியது: "அப்பா கத்துவார். மன்னிப்புக் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. மறுநாள் காலையில் வந்து, பேனாவில் மை இருக்கா என்று கேட்பார். இருக்கிறது என்று தெரிந்தே கேட்பார்." அம்மாவுக்குத் தெரியாமல் அந்தப் பத்தி கூட்டத்துக்குப் போகக்கூடாது என்று முதலில் சொன்னவர் மாமா. அவருக்கும் நன்றி.

வாசிப்பதற்கான வேலைகளைச் செய்தவர் தம்பியின் பழைய நாடகக்குழு நண்பர். 'கூறினார்', 'மறைவெய்தினார்' எல்லாம் செய்தி வாசிப்பு மாதிரி இருக்கிறது என்று 'சொன்னார்', 'போய்ட்டார்' ஆக்கினார். "அப்பா, நீங்க..." என்று நேராகப் பேசிய இடங்களையும் மாற்றினார். நேரில் கூப்பிட்டால் பதில் வராது என்பது அந்த நொடியில்தான் உறைக்கும், குரல் அங்கேதான் உடையும். 'அவர்' என்று சொன்னால் கொஞ்சம் தாங்கும். ஒரே ஒரு 'நீங்க' மட்டும் தம்பியின் பிடிவாதத்தால் தங்கியது. சொல்லிவைத்த மாதிரி அங்கேதான் நின்றான்.

அதற்கும் ஏற்பாடு இருந்தது. அந்த வரிக்கு முன்னால் சிவப்புக் கோடு. கோட்டைக் கண்டதும் காகிதத்திலிருந்து கண்ணை எடுத்து, எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து, மூச்சை மெல்ல முழுசாக வெளியே விட வேண்டும். முகங்களைப் பார்க்கக்கூடாது, யாராவது ஒருவர் அழுதுகொண்டிருப்பார். ஒரு வாய் தண்ணீரும் பக்கத்தில் இருந்தது. பத்து நொடி போல ஆனது, பிறகு வாசித்தான்.

தட்டச்சு செய்துகொடுத்த மருமகளுக்கும் நன்றி. எழுத்து பதினெட்டுப் புள்ளி, வரிக்கு வரி நல்ல இடைவெளி, தாளின் ஒரு பக்கம் மட்டும், பக்க எண் பெரிதாக. எந்த வாக்கியமும் பக்கம் தாண்டவில்லை. தாள்களைச் சேர்த்துப் பின் அடிக்கவில்லை, கை நடுங்கும்போது தாளைத் திருப்புவதைவிட ஓரமாக நகர்த்துவது எளிது. மொத்தம் நானூற்றைம்பது சொற்கள். வீட்டில் நாலரை நிமிடம், கூடத்தில் ஏறக்குறைய ஆறு.

கடைசியாக, முன்வரிசை ஓரத்தில் இன்னொரு பிரதியோடு உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கு. தம்பி தாளை நீட்டினால் எழுந்துவந்து விட்ட வரியிலிருந்து தொடர்வது அவர் வேலை. முந்தின இரவு இரண்டு முறை சத்தமாக வாசித்தும் பார்த்திருந்தார். அந்தப் பிரதி மடிப்புக் கலையாமல் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.