கத்தியில்லாப் போரில் இயல்பு நவிற்சி எங்கே? விடைக்குறிப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விடைக்குறிப்புக் குழுவினர் அவர்களுக்கு,

வணக்கம். நாமக்கல் கவிஞரின் ‘கத்தியின்றி ரத்தமின்றி’ பாடலுக்கு நயம் பாராட்டச் சொன்ன வினாவில், அணிநயத்திற்கு ‘இயல்பு நவிற்சி அணி’ என்பதை மட்டுமே ஏற்க வேண்டும் என்று குறிப்பு அனுப்பியிருந்தீர்கள். அதன்படி, என் மாணவி ஒருத்தி எழுதிய ஒன்றரைப் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. அந்த விடையை மீண்டும் படித்துப் பார்க்குமாறும், குறிப்பைத் திருத்துமாறும் கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

அவள் எழுதியது இதுதான். ‘கத்தியின்றி ரத்தமின்றி யுத்தமொன்று வருகுது’ என்னும் அடி, போருக்கு உலகம் அறிந்த காரணங்களை நீக்கிவிட்டுப் போர் வருகிறது என்கிறது. அப்படியானால் வேறு எது அந்தப் போரை நடத்துகிறது என்ற கேள்விக்கு ‘சத்தியத்தின் நித்தியத்தை’ என்று அடுத்த அடி விடை தருகிறது. ஆகவே இது விபாவனை அணி. அறிந்த காரணத்தை ஒழித்து, வேறொரு காரணமோ இயல்போ குறிப்பால் வெளிப்பட உரைப்பது விபாவனை என்று தண்டியலங்காரம் சொல்வதை நீங்கள் அறிவீர்கள். உள்ளதை உள்ளவாறு சொல்வது இயல்பு நவிற்சி. ‘மண்டலத்தில் கண்டிலாத சண்டை’ என்று கவிஞரே வியந்து பாடிய ஒன்றில் உள்ளவாறு சொல்ல என்ன இருந்தது என்பதைக் குழு விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

எதுகையைப் பற்றியும் அவள் எழுதியிருந்தாள். கத்தி, ரத்தம், யுத்தம், சத்தியம், நித்தியம் என எல்லாரும்தான் பட்டியலிடுகிறார்கள். அவளோ அந்தத் தகரம் போர்க்களத்துச் சொற்களில் தொடங்கி அறத்தின் சொற்களில் போய் முடிகிறது என்றும், யுத்தத்தையும் சத்தியத்தையும் ஒலியாலேயே கட்டிப்போட்டுச் சத்தியாக்கிரகம் என்ற கருத்தைக் காதுக்குள் புகுத்துகிறது என்றும் கண்டுசொன்னாள். ‘குதிரையில்லை யானையில்லை’ என்னும் இடத்தில், நாற்படையில் இரண்டைக் கவிஞர் விலக்கிவிட எஞ்சி நிற்பது காலாள் என்றும், அந்தக் காலாள்தான் உப்புச் சத்தியாக்கிரகத்துக்காகத் திருச்சியிலிருந்து நடந்தவர்கள் என்றும் எழுதினாள். தேரைப் பற்றிப் பேச்சே இல்லையே என்று நீங்கள் மறுக்கலாம், நியாயமான மறுப்புதான். அதற்கு அரை மதிப்பெண் குறைத்திருக்கலாம்.

பின்னணியை எழுதியது ‘வினாவிற்குத் தொடர்பற்றது’ என்று ஓரத்தில் குறிக்கப்பட்டிருப்பதுதான் என்னை எழுதவைத்தது. வினாத்தாளில் அச்சான அடிகளில் உப்பு என்ற சொல்லோ ஆங்கிலேயர் என்ற சொல்லோ கிடையாது. 1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யம் நோக்கி உப்பெடுக்க நடந்தபோது பாடப்பட்ட பாட்டு இது என்று தெரியாதவருக்கு, ‘சேருவீர்’ என்ற விளி யாரை நோக்கியது என்பது எப்படிப் புரியும்? அவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். அப்படிப்பட்ட சாலையில் நடந்துகொண்டே ‘எதிரியென்று யாருமில்லை’ என்று பாடுவது வேறு, தேர்வறையில் உட்கார்ந்து அதற்குப் ‘பாடல் எளிய நடையில் அமைந்துள்ளது’ என்று எழுதுவது வேறு. இரண்டாவதற்குத்தான் நம்மிடம் முழு மதிப்பெண் கிடைக்கிறது.

நயம் பாராட்டலே இப்போது அப்படித்தான் ஆகிவிட்டது. ‘காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை’, ‘மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை’ என்று மனப்பாடம் செய்துவந்தால் மழைப்பாட்டுக்கும் போராட்டப் பாட்டுக்கும் அதே விடை செல்லும். பாடலைப் படிக்கவே வேண்டியதில்லை. வினாத்தாளில் பாடலை அச்சிடாமல் விட்டால் காகிதமாவது மிச்சமாகும் என்று ஒருவேளை அடுத்த குறிப்பில் பரிந்துரைப்பீர்களோ என்னவோ.

பொறுத்தருள வேண்டும், கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன். ஐந்நூறு விடைத்தாள்களை ஒரே அளவுகோலால் திருத்த வேண்டிய நெருக்கடியை, முகாமில் உட்கார்ந்து திருத்தியவன் என்ற முறையில் நானும் அறிவேன். எனவே, பாடலடியைச் சான்று காட்டி நிறுவப்படும் எந்த அணியையும் ஏற்கலாம் என்ற ஒரு வரியைக் குறிப்பில் சேர்க்கவும், பாடல் பிறந்த சூழலை அடிகளோடு பொருத்தி எழுதினால் மதிப்பெண் உண்டு என்று தெளிவுபடுத்தவும், அந்த ஒன்றரைப் பக்கத்தை ஒருமுறை கோடில்லாமல் படித்துப் பார்க்கவும் பணிவுடன் வேண்டுகிறேன். விடைத்தாளின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
முகாமில் தங்களோடு விடைத்தாள் திருத்தும் தமிழாசிரியன்