பாலக்கோட்டுத் தையல்கார அக்காவுக்கும் உடனிருந்த எல்லோருக்கும் நன்றி

சிறுநீரகம் வேலை செய்யாமல் போனதால் அம்மாவுக்கு வயிற்றில் ஒரு குழாய் வைத்து, அதன் வழியே மருந்து நீரை ஏற்றி இறக்கி டயாலிசிஸ் செய்கிறோம். மற்றது உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதைத் திரும்ப எழுதவில்லை. வயிற்றில் குழாய் வெளியே வரும் இடம் நன்றாக ஆறிவிட்டது, இனி வீட்டிலேயே நீங்களே அந்த நீர்ப் பையை மாற்றலாம் என்று சிஸ்டர் நேற்று சொல்லிவிட்டார். அந்த நிம்மதியிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

ராத்திரி என்று பார்க்காமல் தர்மபுரிக்கு வண்டி ஓட்டிய தம்பி, நாங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாட்டைப் பார்த்துக்கொண்ட சித்தப்பா வீடு, அறுவை செய்த டாக்டர், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் டயாலிசிஸ் பைகளை வீடுவரை கொண்டுவந்து இறக்கும் ஊழியர்கள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. இந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பெட்டி பெட்டியாக வரும் அந்தப் பைகளை டவுனிலிருந்து தூக்கி வருவது எங்களால் ஆகிற காரியமா!

ஆனால் இந்த மடல் முக்கியமாகத் தையல்கார அக்காவுக்கு. ஏன் என்று சொல்ல, சிஸ்டர் முதல் நாள் பயிற்சியில் சொன்னதிலிருந்து தொடங்க வேண்டும்.

தோலுக்கு அடியில் குழாயைச் சுற்றித் துணி போன்ற ஒரு சின்ன வளையம் இருக்கிறது. அதை 'கஃப்' என்கிறார்கள். சதை வளர்ந்து அதைப் பிடித்துக்கொண்டால்தான் குழாய் அசையாமல் நிற்கும், கிருமி உள்ளே போகும் வழியும் அடைபடும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் குழாய் இழுபட்டால் ஒட்டிய சதை பிய்ந்துகொள்ளும், கிருமிக்கு வாசல் திறந்த மாதிரி. அதனால்தான் முதல் வாரம் கட்டைப் பிரிக்கவே விடவில்லை, குளிக்கவும் விடவில்லை, ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. அப்புறமும் சோப்பு போட்டுக் கை கழுவி, ஃபேனை நிறுத்தி, இருவரும் மாஸ்க் போட்டுக்கொண்டுதான் கட்டைத் தொடணும். சலைனில் நனைத்த காஸால் மெதுவாகத் துடைத்து, ஒற்றி உலர்த்தி, அவர்கள் கொடுத்த களிம்பை மெல்லிசாகத் தடவ வேண்டும். பொருக்கு இருந்தால் பிய்க்கக்கூடாது, தானாக விழணும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஊரில் பாதிப் பேர் மஞ்சள் வைக்கச் சொன்னார்கள், அன்பில்தான், ஆனாலும் வைக்கவில்லை.

இவ்வளவும் செய்து வரும்போது ஒரு காலை காஸில் ரத்தப் பொட்டு, குழாயைச் சுற்றிக் கொஞ்சம் சிவப்பு. கை நடுங்க சிஸ்டருக்குப் போன் செய்தேன். சீழ் இருக்கிறதா, குழாய் போகும் வழியில் லேசாக அழுத்தினால் வலிக்கிறதா, சிவப்பு பரவுகிறதா, காய்ச்சல் உண்டா, வடிந்த நீர் கலங்கலாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பைக்குப் பின்னால் அச்சடித்த தாளைப் பிடித்துப் பார்த்தோம், எழுத்து தெளிவாகத் தெரிந்தது. எதுவும் இல்லை என்றதும் போட்டோ அனுப்பச் சொன்னார், பார்த்துவிட்டு இது இழுபட்ட காயம்தான் என்றார். நீர் கலங்கினால் மட்டும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள் என்றார்.

எது இழுத்தது என்று கண்டுபிடித்தது அக்காதான். ரவிக்கை கொடுக்க வந்தவர் அம்மாவைப் புடவை கட்டச் சொல்லி, உட்காரச் சொல்லி, குனியச் சொல்லிப் பார்த்தார். நிற்கும்போது பாவாடை நாடா குழாய்க்குக் கீழே இருக்கிறது, உட்கார்ந்தால் மேலேறிக் குழாயை உரசி இழுக்கிறது! இத்தனை பேர் பார்த்தோம், யாருக்கும் இது தோன்றவில்லை.

மறுநாள் சாயங்காலம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டித் துணியில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு இடுப்புப் பட்டை தைத்துக் கொண்டுவந்தார். குழாயின் நுனியை வைக்க ஒரு சின்னப் பை, மாட்டுவதற்கு எதிர்ப்பக்கம் வெல்க்ரோ, முடிச்சு எங்கேயும் கிடையாது. துவைத்து மாற்ற இன்னொன்று. பாவாடைக்கும் நாடாவை எடுத்துவிட்டு அகலப் பட்டி வைத்துத் தந்தார். காசு வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். சிஸ்டரிடம் காட்டியபோது ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: குழாய் இயல்பாகக் கீழ்நோக்கிப் போகிறது, மேலே மடிக்கிற மாதிரிப் பை இருக்கக்கூடாது, புண்மேல் பட்டை அழுத்தவும் கூடாது. அக்கா அங்கேயே பிரித்துத் தைத்தார். ஆமாம், அவரும் ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்திருந்தார். பட்டை வந்தபிறகும் காஸுக்குப் பக்கத்தில் டேப் போட்டுக் குழாயை ஒட்டுவதை நாங்கள் விடவில்லை. அதற்கப்புறம் ரத்தப் பொட்டு வரவில்லை.

ஆடிப் பெருக்குக்கு ஒகேனக்கலில் முழுக வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. ஆறு, கிணறு எதிலும் இறங்கக்கூடாது என்று சிஸ்டர் சொல்லிவிட்டார், அதனால் தலையில் தெளித்துக்கொள்வதோடு சரி என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இனி இந்தப் பக்கத்தில் யாருக்குப் புதிதாக இந்தக் குழாய் வைத்தாலும் நான் போய் அந்தப் பட்டையைக் காட்டுவேன், இது அக்காவுக்கு நான் கொடுத்த வாக்கு. இடுப்பளவும், குழாய் எந்தப் பக்கம் என்பதும் சொன்னால் தைத்துத் தருகிறேன் என்றிருக்கிறார். தைத்ததை உங்கள் சிஸ்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டுக் கட்டுங்கள்.