மூணு வட்டி என்று ஒட்டியிருக்கிறீர்கள், கணக்கில் இருபது வட்டி வருகிறது

முப்பது நாள் கடன் கொடுக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறவன் நான். உங்கள் பெயரை இந்த மடலில் போடவில்லை. எங்கள் கடைக்கு எதிரே உள்ள மின்கம்பத்தில் ‘மாதம் 3% மட்டுமே, ஐந்து நிமிடத்தில் பணம்’ என்று மஞ்சள் நோட்டீஸ் ஒட்டியவர்களுக்கு இது தங்களைத்தான் சொல்கிறது என்று புரியும்.

எங்கள் தெருவில் பூ கட்டி விற்கும் ஒரு அக்கா இருக்கிறார். விடிவதற்கு முன்பே மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குப் போய் மல்லி எடுத்து வருவார். தை முகூர்த்தத்தில் மல்லி விலை ஏறியபோது கைமுதல் போதவில்லை. உங்கள் ஆப்பில் 5,000 ரூபாய் கேட்டார். கொஞ்ச நேரத்தில் என்னிடம் போனைக் கொண்டுவந்து நீட்டினார். “தம்பி, இவங்க தப்பா அனுப்பிட்டாங்க போல, குறையுது பாரு” என்றார். வங்கிக் குறுஞ்செய்தியில் வரவு 4,292 என்று இருந்தது.

நீங்கள் தப்பாக ஒன்றும் அனுப்பவில்லை. செயல்பாட்டுக் கட்டணம் 600, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 108, ஆக 708 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டீர்கள். வட்டியை மட்டும் 5,000-க்கே போட்டீர்கள், 150 ரூபாய். முப்பதாம் நாள் கட்ட வேண்டியது 5,150.

நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் அக்காவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். கைக்கு வந்தது 4,292. திருப்பித் தருவது 5,150. வித்தியாசம் 858. நோட்டீஸில் எப்படிப் பிரித்து எழுதினாலும் கடன் வாங்கியவருக்கு அந்த 858-ம் செலவுதான். இதை எதால் வகுப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நீங்கள் 5,000 என்கிறீர்கள். அந்த 708 ரூபாயை அக்கா தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, அதற்கு ஒரு முழம் பூகூட வாங்கவில்லை. கையில் இருந்த 4,292-ஆல் வகுத்தால் நூற்றுக்கு இருபது ரூபாய் வருகிறது. அதுவும் முப்பதே நாளில்.

எங்கள் ஊரில் வட்டியை மாதத்துக்கு நூற்றுக்கு இத்தனை ரூபாய் என்று சொல்வதுதான் பழக்கம். ரெண்டு வட்டி என்றால் பரவாயில்லை, மூணு வட்டி என்றால் யோசிப்பார்கள், பத்து வட்டி என்றால் கந்துவட்டி என்று ஒதுங்கிப் போவார்கள். அந்தப் பேச்சில் சொன்னால் உங்களுடையது இருபது வட்டி. அக்கா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பத்து வட்டிக்காரன்கிட்டயே நான் போக மாட்டேனே” என்றார்.

இதை வருடத்துக்கு மாற்றுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரே தவணையில் அடைக்கும் கடனுக்கு இந்த ஒரு வரி போதும்:

858 ÷ 4,292 × 365 ÷ 30 × 100 = 243

வருடத்துக்கு 243 சதவீதம். வட்டிக்கு வட்டி போட்டுப் பார்த்தால் 800 சதவீதத்தையும் தாண்டிவிடும், ஆனால் அந்த வழக்குக்கு நான் வரவில்லை. தினமும் நூறு இருநூறு என்று கட்டும் தண்டலுக்கு இந்த வரி பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே அசல் நாளுக்கு நாள் குறைவதால் உண்மையான விகிதம் இந்த வரி காட்டுவதைவிடக் கூடுதலாக வரும், அதைத் தனியாகப் போட வேண்டும்.

உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார். “சார், இது ஒரு மாசக் கடன், வருஷக் கணக்கு எதுக்கு?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஒரே ஒரு தடவை வாங்கி அடைத்துவிட்டால் போவது 858 ரூபாய், அவ்வளவுதான். ஆனால் வேறொரு கடனோடு வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டும் ஒரே அளவுகோலில் இருக்க வேண்டாமா? அக்காவிடம் அரைப் பவுன் தோடு இருந்தது. வருடம் 12 சதவீத நகைக்கடன் என்றே வைத்துக்கொள்வோம். அதே தொகைக்கு ஒரு மாத வட்டி 43 ரூபாய்தான். உங்கள் நோட்டீஸில் உள்ள 3-ஐயும் நகைக்கடன் பலகையில் உள்ள 12-ஐயும் பார்த்தவர், மூன்றுதானே சின்னது என்று உங்களிடம் வந்துவிட்டார். ஒன்று மாதக் கணக்கு, மற்றது வருடக் கணக்கு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அப்புறம், ஒரு மாதத்தோடு இது நிற்பதும் இல்லை. 5,150 கட்டியதும் கைமுதல் காலியாகிறது, மறுபடி வாங்க வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு முறை இப்படிப் புரட்டினால் 10,296 ரூபாய் செலவு. எப்போதும் கையில் இருந்ததென்னவோ அதே 4,292 தான்.

இரண்டாம் முறை வாங்கியபோது வியாபாரம் நன்றாக ஓடியது. பன்னிரண்டாம் நாளே அடைத்துவிட்டார். வட்டி 60 ரூபாய்தான் ஆகியிருந்தது, 90 ரூபாய் மிச்சம் என்று அவருக்குச் சந்தோஷம். அடைத்தது சரிதான், மிச்சமும் உண்மைதான். ஆனால் 708-இல் ஒரு ரூபாய்கூட நீங்கள் திருப்பித் தரவில்லை. அப்படியானால் 12 நாளுக்கு 768 ரூபாய். அதே வரியில் 30-க்குப் பதிலாக 12 போட்டுப் பாருங்கள், வருடத்துக்கு 544 சதவீதம். கட்டணத்துக்கு நாள் கணக்கு தெரியாது. கடன் எத்தனை நாளுக்கோ அத்தனை நாளுக்குள் முழுத் தொகையும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஏழு நாள் கடனுக்கும் இதே 600 பிடிப்பவர்கள் இருந்தால் அவர்கள் கணக்கை நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் கேட்கிறேன். கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது, கட்டணத்துக்கு உண்டு. அந்த 600-ஐயும் வட்டி என்றே எழுதியிருந்தால் அக்காவுக்கு 108 ரூபாய் மிஞ்சியிருக்கும். ஆனால் அப்போது நோட்டீஸில் 3% என்று போட முடியாது, 15% என்று போட வேண்டியிருக்கும். உங்கள் நோட்டீஸ் அழகாக இருப்பதற்கு அவர் வரி கட்டியிருக்கிறார்.

நீங்கள் சட்டத்தை மீறியதாக நான் சொல்லவில்லை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கட்டணங்களையும் சேர்த்த வருடாந்திரச் சதவீதத்தை முக்கிய விவர அறிக்கையில் காட்ட வேண்டும். 2024 ஏப்ரலில் வந்த சுற்றறிக்கை, அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்கள் எல்லாவற்றுக்கும் அதைக் கட்டாயம் ஆக்கியது. உங்கள் ஆப்பிலும் அந்த அறிக்கை இருக்கிறது. தேடிப் பார்த்தேன், நான்காம் பக்கத்தில் 243.22% என்றே சரியாகப் போட்டிருக்கிறீர்கள். எல்லாம் ஆங்கிலத்தில், பெருக்கிப் பார்த்தால் மட்டும் தெரியும் எழுத்தில். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும், விளக்கியும் சொல்ல வேண்டும் என்றுதான் அதே சுற்றறிக்கை சொல்கிறது. நோட்டீஸ் அடிக்கும்போது மட்டும் உங்களுக்குத் தமிழ் நன்றாக வருகிறது.

நான் கேட்பது சின்ன விஷயம்தான். அந்த மஞ்சள் தாளில் ‘3%’ எந்த அளவில் இருக்கிறதோ அதே அளவில், ‘5,000 கேட்டால் கைக்கு 4,292 வரும், வருடக் கணக்கில் 243%’ என்று தமிழில் அச்சடியுங்கள். அதைப் பார்த்த பிறகும் வாங்குகிறவர்கள் வாங்கட்டும். ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் பணம் வேண்டும் என்று நிற்பவருக்கு 858 ரூபாய் பெரிதில்லாமல் இருக்கலாம், அது அவர் பாடு.

மின்கம்பத்தில் உள்ள நோட்டீஸை நான் கிழிக்கவில்லை. ‘3%’-க்குக் கீழே கடை மார்க்கரால் ‘இருபது வட்டி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த மழைக்கு அழிந்துவிடும். புதிதாக ஒட்ட வரும்போது நீங்களே அச்சடித்து வந்துவிட்டால் எனக்கு ஒரு வேலை மிச்சம்.

இப்படிக்கு,
கீழமாசி வீதிக் கணக்கர் ஒருவர்